‘போலே’யா, ‘முங்கின்’னா? செயலியின் விதிமுறைகளை மலாயில் எழுத மூன்று வழிகள்

மலேசியாவில் வெளியாகும் ஒரு செயலியின் ஆங்கில விதிமுறைகளை மலாய்க்குக் கொண்டுபோகும்போது பெரிய சட்டச் சொற்கள் முதலில் தடுமாற வைப்பதில்லை. ஆங்கிலத்தின் ‘மே’ என்ற சின்னச் சொல்தான் வைக்கும். ‘நாங்கள் உங்கள் கணக்கை நிறுத்தலாம்’ என்பதில் உள்ள அந்த ‘லாம்’ உரிமையைச் சொல்கிறதா, வாய்ப்பைச் சொல்கிறதா? ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தப்பித்துவிடும். தமிழிலும் ‘லாம்’ இரண்டுக்கும் வரும். மலாய் அப்படி விடாது. உரிமை என்றால் ‘போலே’, ஒருவேளை நடக்கலாம் என்றால் ‘முங்கின்’. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுத்தே ஆகவேண்டும்.

இந்த வேலைக்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சட்ட நூல்களின் மலாயில் அப்படியே எழுதுவது. இரண்டு, பேசுவது போன்ற எளிய மலாய். மூன்று, ஏற்கனவே இருக்கும் இந்தோனேசியப் பதிப்பை எடுத்துத் திருத்திக்கொள்வது.

மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். செலவு குறைவு என்பதால் பலர் இதில் இறங்குகிறார்கள், ஆனால் சொற்கள் காலை வாரிவிடும். தனியுரிமைக் கொள்கையை இந்தோனேசியாவில் ‘கெபிஜாக்கான்’ என்பார்கள். மலேசியரின் காதில் அது ‘சமயோசிதம், அறிவுக்கூர்மை’ என்றுதான் விழும். இங்கே கொள்கைக்கு ‘டாசார்’ என்று எழுத வேண்டும். வரிக்கு அவர்கள் சொல்வது ‘பாஜாக்’. மலேசியாவில் அது அடகு, குத்தகை சார்ந்த சொல். கட்டணப் பிரிவில் ‘விலையில் பாஜாக் அடங்கும்’ என்று வந்தால் வாசகர் என்ன நினைப்பார்? ‘சுகாய்’ என்று எழுதினால்தான் வரி என்று புரியும். இப்படிச் சொல் சொல்லாகத் தேடித் திருத்துவதைவிட ஆங்கிலத்திலிருந்து புதிதாக எழுதுவது எளிது.

சரி, மீதி இரண்டையும் ஒரே விதியை வைத்துப் பார்ப்போம். மூலத்தின் பொருள் இது: பயனர் விதிகளை மீறிவிட்டார் என்று நிறுவனம் நியாயமான காரணத்தோடு கருதினால், முன்னறிவிப்பு கொடுத்தோ கொடுக்காமலோ, எப்போது வேண்டுமானாலும் அவருடைய கணக்கை இடைநிறுத்தவோ முடித்துவைக்கவோ அதற்கு உரிமை உண்டு.

சட்ட மலாயில் எழுதுகிறவர் இதை ஒரே நீண்ட வாக்கியமாகக் கட்டுவார். ‘நிறுவனத் தரப்பு’ என்று தொடங்கி, ‘போலே’ போட்டு, நடுவில் நிபந்தனைகளை அடுக்கி, இடைநிறுத்தலுக்கு ‘மெங்கந்துங்’, முடித்துவைப்பதற்கு ‘மெனாமட்கான்’ என்று முடிப்பார். எதுவும் விடுபடவில்லை. மலேசியச் சட்டங்களுக்கு மலாய் மூலம் இருப்பதால் கட்டாயத்துக்கு ‘ஹெண்டாக்லா’, உரிமைக்கு ‘போலே’, நியாயமானதற்கு ‘முனாசபா’ என்று சொற்கள் நிலைபெற்றுவிட்டன. அது பெரிய பலம். ஆனால் கைப்பேசித் திரையில் அந்த வாக்கியம் ஏழெட்டு வரிக்கு நீளும். ‘நிறுவனம்’, ‘பயனர்’ என்று மூன்றாம் ஆளில் பேசுவதால், இது தன்னைப் பற்றியது என்பதே படிப்பவருக்கு உறைக்காது. இதில் ஒரு கூடுதல் சிக்கலும் இருந்தது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைச் சேகரிக்கும் நிறுவனத்தைத்தான் ‘பெங்குனா டாத்தா’, அதாவது தரவுப் பயனர் என்று அழைத்தது. செயலியைப் பயன்படுத்தும் நீங்களும் ‘பெங்குனா’! 2024 திருத்தம் அதைத் தரவுக் கட்டுப்பாட்டாளர் என்று மாற்றியது. பழைய வார்ப்புருவை நகலெடுத்தவர்களின் பக்கங்களில் இந்தக் குழப்பம் தொடரும். ஆகவே பயனரை ‘அண்டா’, அதாவது ‘நீங்கள்’, என்றே அழைப்பது நல்லது.

எளிய மலாயில் எழுதுகிறவர் அதே விதியை இந்தப் பொருளில் முடிப்பார்: ‘விதிகளை மீறினால் உங்கள் கணக்கு நிறுத்தப்படக்கூடும்.’ படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு கழன்று விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ‘கூடும்’ என்பதற்கு ‘முங்கின்’ போட்டதால் உரிமை போய் வெறும் எச்சரிக்கை நிற்கிறது. செயப்பாட்டு வினையால் நிறுத்துவது யார் என்பது மறைந்துவிட்டது. கணக்கை முடித்துவைப்பதும் முன்னறிவிப்பு பற்றிய பேச்சும் காணவில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது, ‘மீறியதாக நியாயமாகக் கருதினால்’ என்பது ‘மீறினால்’ என்று சுருங்கியது. முன்னதில் நிறுவனம் தன் ஐயத்துக்கு நியாயமான காரணத்தைக் காட்டினால் போதும், பின்னதில் மீறல் உண்மையிலேயே நடந்தது என்று நிறுவ வேண்டும். ஒரு வினைச்சொல்லைச் சுருக்கியதில் ஒப்பந்தமே வேறாகிவிட்டது.

இதில் இன்னொரு பொறி உண்டு, தமிழருக்குச் சட்டென்று பிடிபடும். நம்முடைய நாங்கள், நாம் போல மலாயிலும் ‘காமி’, ‘கித்தா’ என்று இரண்டு உண்டு. நெருக்கமாகப் பேச ஆசைப்பட்டு ‘கித்தா’ என்று எழுதினால், தரவு பயனருக்கும் நிறுவனத்துக்கும் பொதுச்சொத்து போலாகிவிடும். விதிமுறைகளில் நிறுவனம் எப்போதும் ‘காமி’தான்.

பொறுப்பு பற்றிய பகுதியில் எளிய வழி இன்னும் சறுக்கும். ‘காமி திடாக் பெர்த்தங்குங்ஜவாப்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ‘நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம்’ என்பது நோக்கம். ஆனால் அதே சொற்களுக்குப் ‘பொறுப்பற்றவர்கள்’ என்ற பொருளும் உண்டு. சட்டப்பூர்வக் கடப்பாடு என்றால் ‘லியாபிலிட்டி’ என்றே வைத்துவிடலாம், மலேசிய வாசகருக்கு அது புதிதல்ல. அப்புறம் ‘தங்குங் ருகி’. உங்கள் செயலால் மூன்றாம் நபர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டால், அந்த இழப்பை நீங்கள் ஈடுசெய்ய வேண்டும் என்பது இதன் பொருள். ‘ருகி’யை ‘கெருகியான்’ ஆக்கினால் ‘நட்டப்படுவது’ என்றாகி, யாருடைய நட்டத்தை யார் ஈடுசெய்வது என்ற பேச்சே நழுவிவிடும்.

நான் சட்ட மலாயின் பக்கம்தான் நிற்பேன், ஆனால் அதன் வாக்கியங்களை உடைத்துவிட்டு. சொற்களைத் தொடாதீர்கள், இலக்கணத்தைத் தளர்த்துங்கள். மேலே சொன்ன விதியை மூன்றாகப் பிரிக்கலாம். காமி உங்கள் கணக்கை இடைநிறுத்தவோ முடித்துவைக்கவோ போலே. நீங்கள் விதிகளை மீறியதாகக் கருத முனாசபாவான காரணம் இருக்கும்போது அப்படிச் செய்வோம். இதை எந்த நேரத்திலும், முன்னறிவிப்பு இல்லாமலும் செய்ய போலே. ‘தங்குங் ருகி’ போன்ற சொல் வந்தால் அதை விட்டுவைத்து, அடுத்த வாக்கியத்திலேயே ‘அதாவது’ என்று விளக்கம் கொடுங்கள். பக்கத்தில் தனிச் சுருக்கம் வைப்பதை நான் ஏற்பதில்லை. பலர் அதை மட்டுமே படிப்பார்கள், அதிலும் விதியிலும் வேறுவேறாக இருந்தால் எது செல்லும் என்ற சண்டை வரும்.

‘முரண்பட்டால் ஆங்கிலப் பதிப்பே செல்லும்’ என்று கடைசியில் ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அதை மட்டும் நம்பவேண்டாம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தனிநபர் தரவு பற்றிய அறிவிப்பு தேசிய மொழியான மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் சேர்ந்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பகுதி, வாசகங்கள் படிக்கவோ புரிந்துகொள்ளவோ கடினமாக இருக்கின்றனவா என்பதையும் கணக்கில் எடுக்கிறது. புரியாமல் எழுதுவதே நிறுவனத்துக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

எழுதி முடித்ததும், ஆங்கில மூலத்தில் ‘மே’ வரும் எல்லா இடங்களையும் தேடி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘போலே’ இருக்கிறதா ‘முங்கின்’ இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கிலத்தைப் பார்க்காத மலாய்க்காரர் ஒருவரிடம் மலாய்ப் பதிப்பை மட்டும் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் கணக்கை யார் மூடலாம்? முன்கூட்டியே சொல்லவேண்டுமா? உங்கள் பதிவால் வேறொருவர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டால் பணம் யார் கட்டுவது? மூன்றாவது கேள்விக்கு ‘நிறுவனம்’ என்று பதில் வந்தால், ‘தங்குங் ருகி’க்கு அடுத்த வாக்கியத்தைத் திரும்ப எழுதவேண்டும்.