நேரலை வகுப்பா, பதிவு செய்த காணொளியா: பிரிட்டனில் 14 நாள் விலகல் உரிமை

பிரிட்டனின் 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, இணையத்தில் வாங்கிய படிப்பிலிருந்து காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் விலகலாம். மார்ச் 3 அன்று வாங்கினால், மார்ச் 17 இறுதிவரை அவகாசம் உண்டு. ஆனால் நேரலை வகுப்பு சேவையாகவும், பதிவு செய்த காணொளித் தொகுப்பு பொதுவாக மின்னணு உள்ளடக்கமாகவும் கருதப்படுவதால், விளைவு வேறுபடுகிறது.

300 பவுண்டுக்குப் பத்து நேரலை வகுப்புகள் வாங்கி, உடனே தொடங்கும்படி நீங்களே கேட்டு, இரண்டில் கலந்துகொண்டபின் விலகினால், 60 பவுண்டு போக 240 திரும்ப வரும். காணொளியில் நிலைமை கடுமையானது. 'உடனே தொடங்கச் சம்மதிக்கிறேன், விலகல் உரிமையை இழப்பேன் என அறிவேன்' என்ற பெட்டியில் குறியிட்டு முதல் பாடத்தைத் திறந்தால், உரிமை அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பெட்டியே இல்லாதிருந்தால், காணொளியைப் பார்த்திருந்தாலும் உரிமை நீடிக்கும். ஆகவே பணம் கட்டும் பக்கத்தைப் படமெடுத்து வைப்பது என் உறுதியான பரிந்துரை.

இரண்டிலும் கோரும் முறை ஒன்றே. 'மார்ச் 3 அன்று செய்த இந்த ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்' என்று ஆர்டர் எண்ணுடன் மின்னஞ்சல் அனுப்பினால் போதும். கெடுவுக்குள் அனுப்பியிருந்தால் சரி, ஆனால் அனுப்பியதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பணம் 14 நாட்களுக்குள், செலுத்திய வழியிலேயே திரும்ப வேண்டும். விலகல் உரிமையைப் பற்றி விற்பனையாளர் தெரிவிக்கவே இல்லையென்றால், அவகாசம் மேலும் 12 மாதங்கள்வரை நீளும்.