பிரேக்அவுட் ரூம் மூடும்முன் கிடைக்கும் 60 நொடி: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடமாக மாதத்துக்கு இரண்டு ஆன்லைன் கருத்தரங்குகளிலாவது கலந்துகொள்கிறேன், பெரும்பாலும் ஜூமில். முதல் வருடம் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்ததோடு சரி. யாரோடும் பழக்கம் ஏற்படவில்லை.

ஒருமுறை, கலந்துகொள்பவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் பிரேக்அவுட் ரூமில் நாங்கள் நான்கு பேர். கலைச்சொல் பட்டியலை எப்படிப் பராமரிக்கிறார் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் மாதக்கணக்கில் தேடிய விஷயம் அது. நடுவிலேயே கவுண்ட்டவுன் ஓடி முடிந்தது, எல்லோரும் பெரிய அறைக்குத் திரும்பிவிட்டோம். அவருடைய முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த வருத்தம் பல நாள் இருந்தது.

அதற்கப்புறம் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். நான் யார், என்ன செய்கிறேன், எதில் சிக்கியிருக்கிறேன், என் மின்னஞ்சல் என்ன என்பதை இரண்டே வரியில் எழுதி நோட்பேடில் தயாராக வைத்திருப்பேன். ரூமுக்குள் போனதும் அதைச் சாட்டில் ஒட்டிவிடுவேன். எட்டு நிமிட ரூமில் நான்கு பேர் வாயால் அறிமுகம் செய்துகொண்டால் பாதி நேரம் போய்விடும். ஒருவர் எழுதினால் மற்றவர்களும் எழுதிவிடுகிறார்கள். ரூம் சாட் அந்த ரூமில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் யாரும் பெரிதாகத் தயங்குவதில்லை.

ஹோஸ்ட் ரூமை மூடும்போது, அமைப்பை மாற்றாமலிருந்தால், 60 நொடி கிடைக்கும். அந்த நேரத்தில் புதிய பேச்சைத் தொடங்க மாட்டேன். சாட்டில் வந்த முகவரிகளை நகலெடுத்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்வேன். பிறகு சாட்டைச் சேமித்துக்கொள்ளலாம் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். சேமிக்கும் வசதியை ஹோஸ்ட் தடுத்து வைத்திருக்கலாம்.

சாட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவருக்குத் தனியாக எழுதியபின் பெறுநர் பெட்டியில் அவர் பெயரே நிற்கும். பொதுவாகக் கேட்க நினைத்த கேள்வி அவருக்கு மட்டும் போய்விடும். பதிலே வரவில்லையே என்று இருமுறை காத்திருந்திருக்கிறேன். இப்போது அனுப்பும்முன் அந்தப் பெட்டியைப் பார்த்துவிடுகிறேன்.

அன்று இரவே மடல் அனுப்பிவிடுவேன். போன மாதம் ஒருவருக்கு எழுதியது இது:

"வணக்கம். இன்று மூன்றாவது ரூமில் உங்களோடு இருந்தேன். ஒரே சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு வந்தால் பழையதை அழிக்காமல் தேதி போட்டு வைப்பதாகச் சொன்னீர்கள். அந்தத் தேதிக்குத் தனி நெடுவரிசை வைத்திருக்கிறீர்களா, குறிப்பிலேயே எழுதுகிறீர்களா?"

ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. "சந்தித்ததில் மகிழ்ச்சி, தொடர்பில் இருப்போம்" என்று முன்பு எழுதியவற்றுக்குப் பதில் வந்தது மிக அரிது. இரண்டு நாள் தள்ளி எழுதினால், எந்த ரூம், எந்தப் பேச்சு என்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது.

நான் எழுதிய அந்தக் கேள்விக்கு மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. தனி நெடுவரிசைதானாம். தன் பட்டியலிலிருந்து பத்து வரிகளையும் மாதிரிக்கு இணைத்திருந்தார்.