நீண்ட மேலுதடு, சின்ன முகவாய்: மீசையோடு சில வருஷங்கள்

மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் எனக்கு இடம் கொஞ்சம் தாராளம். வாய்க்குக் கீழே அந்தத் தாராளம் இல்லை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் மீசை வைப்பது சுலபம். இரண்டும் ஒரே முகத்தில் சேர்ந்தால், மேலுதட்டுக்குப் பொருந்துகிற மீசை முகவாயைக் கெடுக்கும், முகவாய்க்குப் பொருந்துவது மேலுதட்டைக் கெடுக்கும். பல வருஷங்களாகப் பல மீசைகளை வைத்துப் பார்த்து, இப்போது ஒன்றில் நிலைத்திருக்கிறேன். இதே முக அமைப்பு உள்ளவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஸ்கேல் எடுத்து அளந்துவிடுங்கள். கண்ணாடியில் பார்த்து "நீளமா இருக்கு" என்று நினைப்பது நம்பத் தகுந்ததில்லை. மூக்கின் அடி உதட்டோடு சேரும் இடத்திலிருந்து இரண்டு உதடுகளும் சந்திக்கும் கோடு வரை ஓர் அளவு. அந்தக் கோட்டிலிருந்து முகவாயின் அடி எலும்பு வரை இன்னோர் அளவு. பல் சீரமைப்பு மருத்துவர்களும் முகம் வரைகிறவர்களும் வைத்திருக்கும் பொதுக் கணக்கு ஒன்றுக்கு இரண்டு: மேலே 1 என்றால் கீழே 2 இருக்க வேண்டும். ஆண்களுக்கு மேல் அளவு சராசரியாக 22 மி.மீ. பக்கம் வரும். எனக்கு மேலே 25, கீழே 42. கணக்குப்படி கீழே 50 இருந்திருக்க வேண்டும். அளக்கும்போது உதட்டை இறுக்கி மூடக் கூடாது. முகவாய் பின்வாங்கியவர்கள் பலர் வாயை மூடவே கொஞ்சம் முயற்சி செய்வார்கள், அப்போது முகவாயில் சின்னச் சின்னக் குழிகள் விழும். அப்படி விழுந்தால் தளர விட்டு மறுபடி அளக்க வேண்டும்.

அப்புறம் பக்கவாட்டில் ஒரு போட்டோ. இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சின்ன முகவாய் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உயரம் குறைந்தது, இன்னொன்று பின்னால் தள்ளி இருப்பது. முன்பக்கக் கண்ணாடியில் இரண்டாவது வகை தெரியவே தெரியாது. எனக்கு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

நான் ஆரம்பித்தது மெல்லிய மீசையில். உதட்டை ஒட்டி ஒரு கோடு, மேலே எல்லாம் மழித்த தோல். எம்.ஜி.ஆர். காலத்துப் பென்சில் மீசை என்று சலூனில் சொன்னால் யாருக்கும் புரியும். அது அவருக்கு அழகாக இருந்ததற்கு முகவாயும் ஒரு காரணம்: உருண்டு திரண்டு, நடுவில் குழியோடு இருந்த முகவாய் அவருடையது. என் முகத்தில் 4 மி.மீ. கோடு போட்டால், அதற்கு மேலே மூக்கு வரை கிட்டத்தட்ட ஒன்றரை செ.மீ. வெறும் தோல் தெரியும். இருட்டான கோடு ஒன்று கீழே இருப்பதால், அந்த வெற்றிடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்கு அளந்து காட்டிவிடும். மீசை இல்லாமல் இருந்ததைவிட உதடு நீளமாகத் தெரிந்தது.

அடுத்து போனது நேர் எதிர்த் திசையில். மூக்கடியிலிருந்து உதடு வரை முழுதாக, அடர்த்தியாக, நன்றாக வளர விட்ட மீசை. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் நீளம் மறைந்துவிட்டது, எனக்கே சந்தோஷம். ஆனால் பைக் கண்ணாடியில், கல்யாண போட்டோக்களில் வேறு ஒரு விஷயம் தெரிய ஆரம்பித்தது. பக்கவாட்டில் முகவாய் காணாமல் போயிருந்தது.

காரணம் புரிந்ததும்தான் மீசையின் நீளம் என்பது என்ன என்று விளங்கியது. மூக்குக்கு அடியில் முளைக்கும் மயிர் 12, 15 மி.மீ. வளர்ந்தால் கீழே இருக்கும் வரிசைகள் மேல் சாய்ந்து விழுகிறது. வரிசை மேல் வரிசை அடுக்காகச் சேர்ந்து, உதட்டுக்கு அருகில் மீசை முன்னால் புடைத்து நிற்கும். மேலுதடு அந்த அளவுக்கு முன்னே வந்தது போலத் தோன்றும். முகவாய் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் பின்வாங்கியது போலத் தெரியும். அதாவது நீண்ட உதட்டை மறைப்பது மீசை பிடிக்கும் இடம், சின்ன முகவாயைக் கெடுப்பது மயிரின் நீளம். இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்: இடத்தை முழுதாக மூடு, மயிரைக் குட்டையாக வை.

இப்போது நான் வைத்திருப்பது அதுதான். மூக்கடியில் இடைவெளியே கிடையாது. ட்ரிம்மரில் 5 மி.மீ. சீப்பு போட்டு முழு மீசையும் ஒரே அளவில். அந்த நீளத்தில் ஒவ்வொரு மயிரும் தன் இடத்திலேயே முடிந்துவிடுகிறது, கீழ் வரிசை மேல் அடுக்காக ஏறுவது மிகக் குறைவு. 3 மி.மீ. போட்டும் பார்த்தேன். என் மயிர் அடர்த்திக்குத் தோல் தெரிந்தது, அதுவும் மூக்குக்கு நேர் கீழே இருக்கும் பள்ளத்தில். பலருக்கு அந்த இடத்தில் மயிர் குறைவாகத்தான் இருக்கும். அங்கே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் 1 மி.மீ. கூட்டுங்கள். 7-க்கு மேல் போனால் எனக்குப் பக்கவாட்டில் புடைப்பு தெரிய ஆரம்பிக்கும். ஒரு ட்ரிம்மரின் 5 இன்னொன்றில் அதே 5 ஆக இருப்பதில்லை. அதனால் புது இயந்திரம் வாங்கினால் ஒரு படி அதிகமாக வைத்துத் தொடங்குவது நல்லது.

கீழ் விளிம்புதான் அதிகக் கவனம் கேட்கிறது. உதட்டின் சிவப்பு தொடங்கும் கோட்டில் சரியாக வெட்டினால் சுத்தமாக இருக்கும், ஆனால் நீளம் குறையாது. அந்தக் கோட்டைத் தாண்டி 1 மி.மீ., அதிகபட்சம் ஒன்றரை இறங்க விட்டால் மீசைக்கும் வாய்க்கும் நடுவில் தோலே தெரியாது. இன்னும் இறக்கினால் சிக்கல்: நீண்ட மேலுதடு உள்ளவர்களுக்குப் பேசும்போது மேல்பற்கள் ஏற்கெனவே குறைவாகத்தான் தெரியும், மீசையும் தொங்கினால் சுத்தமாக மறைந்துவிடும். சிரித்தாலும் முகம் இறுக்கமாகத் தெரியும். காபியில் நனைவது தனி.

வெட்டும்போது மீசை காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் மயிர் நீண்டு கீழே படியும். அளவு சரி என்று வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். நேர் கீழாகச் சீவி, வாயைத் தளர மூடி, நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமாகச் சின்னக் கத்தரியால் போகிறேன். முடித்ததும் ஒரு தடவை சிரித்துப் பார்ப்பேன். சிரிக்கும்போது உதடு விரிந்து மேலே போகும், ஓரங்களில் விட்டுப்போனது அப்போதுதான் தெரியும்.

ஓரங்களைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. வாயின் முனையோடு நிறுத்த வேண்டும், மிஞ்சினால் 2 அல்லது 3 மி.மீ. வெளியே. கன்னம் வரை அகலமாகப் போகும் மீசைக்குக் கீழே சின்ன முகவாய் இன்னும் ஒடுங்கித் தெரியும். ஓரங்களைக் கீழே இறக்கி முகவாய் வரை கொண்டுவந்தால் நீளம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்ல, அதையும் செய்து பார்த்தேன். இரண்டு கறுப்புக் கோடுகள் நடுவில் மழித்த முகவாய், அடைப்புக்குறிக்குள் போட்ட மாதிரி இருந்தது. முறுக்கு மீசை மேலே தூக்குவதால் கண்ணைக் கீழிருந்து நகர்த்தும் என்பது உண்மை. ஆனால் முறுக்க வேண்டுமென்றால் ஓரத்திலாவது 3, 4 செ.மீ. மயிர் வேண்டும், அகலம் வந்துவிடும், தினமும் மெழுகு வேண்டும். என் முகத்துக்கு அது தாங்கவில்லை.

மீசை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கு முழுதாகச் சரியாவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகவாயின் முன்புறத்தில் கொஞ்சம் மயிர் இருந்தால்தான் பக்கவாட்டுக் கோடு சமப்படும். நான் அங்கே மட்டும் 9, 10 மி.மீ. விடுகிறேன், மீசையைப் போல இரண்டு மடங்கு. எலும்புக்குக் கீழேயும் கொஞ்சம் இறங்கியிருப்பதால் உயரமும் கூடுகிறது. கன்னத்தில் எதுவும் இல்லை. தாடியே கூடாது என்கிற வேலையில் இருப்பவர்கள் மீசையை 4 மி.மீ. ஆக்கி, அகலத்தை வாய் முனைக்கு உள்ளேயே நிறுத்தினால் ஓரளவு சமாளிக்கலாம். முகவாய் நன்றாக அமைந்து மேலுதடு மட்டும் நீளமானவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் தேவையே இல்லை. என் சித்தப்பா மகன் அப்படித்தான். அவன் 12 மி.மீ. அடர் மீசை வைத்தாலும் கம்பீரமாக இருக்கிறது, கொஞ்சம் பொறாமைதான்.

பராமரிப்பு வாரம் ஒரு தடவை, பத்து நிமிஷம். மீசை மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், அதாவது வாரத்தில் 2 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேல். 5-ல் வெட்டினால் வாரக் கடைசியில் 7 தாண்டும், அதுதான் எனக்கு எல்லை.

சலூனில்தான் ஜாக்கிரதை தேவை. "மீசையை ஒதுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினால் முடிந்தது. ஊர் மாறியபோது ஒரு கடையில் அப்படித்தான் ஆனது. "மேல க்ளீன் பண்ணிட்டேன் சார், ஷார்ப்பா இருக்கு" என்றார். மூக்கடியில் 5 மி.மீ. அளவுக்கு மழித்திருந்தார். பழக்கத்தில் செய்வதுதான், பெரும்பாலான முகங்களுக்கு அது நன்றாகவும் இருக்கும். எனக்குத் திரும்ப நிரம்ப இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது. இப்போது உட்காரும்போதே சொல்லிவிடுகிறேன்: "தம்பி, மூக்குக்கடியில கத்தி வேண்டாம். மீசை அஞ்சு, முகவாய் பத்து. கீழ நான் வீட்ல வெட்டிக்கிறேன்."

சமீபத்தில் நரை வந்திருக்கிறது, அதுவும் முகவாயில் முதலில். என் மாநிறத்தில் வெள்ளை மயிர் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தோலோடு கலந்துவிடுகிறது, அதனால் முகவாய் மறுபடி சின்னதாகத் தெரிகிறது. மீசை இன்னும் கறுப்பு. சாயம் போட விருப்பமில்லை, மேலுதட்டில் சாயம் எரியும். முகவாயை 12 ஆக்கி, மீசையை நாலரைக்கு இறக்கியிருக்கிறேன். மீசையும் நரைத்த பிறகு அதன் கனம் கண்ணுக்குக் குறையும், அப்போது 6, 7 வரை மறுபடி கூட்டலாம் என்று நினைக்கிறேன். வயது ஏற ஏற மேலுதடு தொய்ந்து இன்னும் கொஞ்சம் நீளும் என்பதால் அந்தக் கூடுதல் மயிருக்கு வேலையும் இருக்கும்.