ஆறாம் தலைமுறை மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: பதினான்கு மாத அனுபவம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவதாக இருந்ததால், அதற்கு ஏழு மாதங்கள் முன்பே எங்கள் வீட்டிலுள்ள இரண்டு கணினிகளைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, மொழிபெயர்ப்பு வேலைக்காக நான் 2016இல் வாங்கிய மடிக்கணினி. I5-6200U செயலி, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மற்றொன்று, வரிக் கணக்குகள் தாக்கல் செய்யும் என் மனைவியின் மேசைக் கணினி. அது இன்னும் பழையது. இரண்டிலும் விண்டோஸ் 11 ஏறாது. என் மடிக்கணினியில் tpm.msc என்று தட்டிப் பார்த்தபோது பாதுகாப்புச் சில்லின் பதிப்பு 2.0 என்றே காட்டியது. ஆனாலும் இன்டெல் செயலிகளில், ஒரு சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதால் ஆறாம் தலைமுறைக்கு வழியில்லாமல் போயிற்று. தகுதிச் சோதனையை, நிறுவல் யுஎஸ்பி தயாரிக்கும் ரூஃபஸ் என்ற கருவி கொண்டு தாண்டி நிறுவலாம் என்பது தெரியும். அப்படி நிறுவினால் பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் நாமே மீண்டும் கையால் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால், வேலைக்கான கணினியில் அதை நான் விரும்பவில்லை. எங்கள் முன் இருந்த வழிகள் வேறு கணினி வாங்குவதும், இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவதும்தான்.

முடிவெடுக்கும் முன் ஒரு தாளில், ஒவ்வொரு கணினியுடனும் என்னென்ன பிணைந்திருக்கின்றன என்று எழுதினோம். மனைவியின் பக்கத்தில் டேலி, டிஜிட்டல் கையொப்பத்திற்கான யுஎஸ்பி டோக்கன், அரசுத் தளங்கள் அந்தக் கையொப்பத்தைப் பெறுவதற்குக் கேட்கும் துணை மென்பொருள் என மூன்றும் விண்டோஸை நம்பியவை. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்க உதவும் வைன் வழியாக டேலியை ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் தாக்கல் செய்யக் கடைசி நாளன்று இரவு பத்து மணிக்கு டோக்கனை அடையாளம் காணாத கணினியின் முன் உட்கார்ந்திருக்க அவர் தயாராக இல்லை. என் பக்கத்தில் இருந்தவை உலாவி, வேர்டு கோப்புகள், தமிழ்99 தட்டச்சு, பழைய பாமினி எழுத்துருக் கோப்புகள், ஒரு லேசர் அச்சுப்பொறி ஆகியவை. ஆகவே மனைவிக்கு வேறு கணினி, எனக்கு லினக்ஸ் என்பது கணினிகளின் வயதால் அல்லாமல் அந்தத் தாளால் தீர்மானமாயிற்று.

நிறுவும் முன் லினக்ஸ் மின்ட் 22.1 சினமன் பதிப்பை யுஎஸ்பியில் எழுதி, வட்டில் எதையும் தொடாமல் இரண்டு மாலைகள் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, ஒலி, மூடியை மூடினால் உறங்கித் திறந்தால் விழிப்பது எல்லாம் சரியாக இருந்தன. அச்சுப்பொறிதான் ஏமாற்றியது. கணினி அதை அடையாளம் கண்டது. வரிசையில் சேர்த்த பக்கம் முடிந்துவிட்டது என்றும் காட்டியது. தாள் மட்டும் வரவில்லை. பக்கத்தைக் கணினியே முழுமையாக உருவாக்கி, தன் தயாரிப்பாளருக்கு மட்டுமே உரிய வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் மலிவு விலை அச்சுப்பொறிகளில் இது வழக்கமான கோளாறு. அந்த வடிவத்திற்கு லினக்ஸில் நல்ல இயக்கி இல்லையென்றால் எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. தனி இயக்கி இல்லாமலே அச்சிட உதவும் ஏர்பிரிண்ட் ஆதரவுள்ள அச்சுப்பொறிகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. எங்களுடையதை மனைவியின் கணினியில் மாட்டிவிட்டு, நான் பிடிஎஃப் கோப்பை அங்கே அனுப்பி அச்செடுத்துக்கொள்கிறேன். முன்னதாகவே தெரிந்ததால் இது வெறும் ஏற்பாடாக முடிந்தது. நிறுவிய பின் தெரிந்திருந்தால் எரிச்சலாகியிருக்கும்.

மடிக்கணினிக்காக நான் செய்த ஒரே செலவு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டியதுதான். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அது மாட்டிய பின் கிடைத்த வேகத்தை லினக்ஸின் பெருமையாகச் சொல்வது நேர்மையாகாது. அதே எஸ்எஸ்டியை மாட்டியிருந்தால் விண்டோஸ் 10உம் துள்ளித்தான் ஓடியிருக்கும். கழற்றிய பழைய வட்டை அப்படியே எடுத்து வைத்தேன். ஒத்துவரவில்லையென்றால் நான்கு திருகுகளைக் கழற்றிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்ற தைரியம் அதனால் வந்தது. கோப்புகளை எடுப்பதற்காக அந்த வட்டை யுஎஸ்பி உறையில் போட்டு இணைத்தபோது, படிக்க மட்டுமே முடிந்தது, எழுத முடியவில்லை. விண்டோஸின் வேகத் தொடக்க வசதி, அணைக்கும்போது கணினியை முழுதாக அணைக்காமல் அரை உறக்கத்தில் விட்டுவிடுவதே காரணம். இடம் மாற நினைப்பவர்கள் கடைசி முறை ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே விண்டோஸை அணைத்தால் இந்தச் சிக்கல் வராது.

தமிழ்த் தட்டச்சுக்கு விண்டோஸில் என்எச்எம் ரைட்டரைப் பழகியிருந்தேன். அது லினக்ஸில் இல்லை. அதற்குப் பதிலாக இதை நிறுவினேன்:

```
sudo apt install ibus-m17n
```

பிறகு உள்ளீட்டு முறையாக ஐபஸ் என்பதைத் தேர்ந்து, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்து, தமிழ் என்ற பிரிவில் tamil99 என்பதைச் சேர்க்க வேண்டும். வெளியேறி நுழையும் படியைத் தவறவிட்டு, ஒரு மணி நேரம் ஆங்கில எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசைகள் என் விரல்கள் பழகியபடியே இருக்கின்றன. ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தில் புள்ளியும் தானாக விழுகிறது.

எழுத்துருவில்தான் உண்மையான இழப்பு இருக்கிறது. லதா, நிர்மலா ஆகிய இரண்டும் விண்டோஸுக்கு உரியவை. வாடிக்கையாளர் அவற்றில் அனுப்பும் கோப்பை லிப்ரே ஆபிஸ் வேறொரு தமிழ் எழுத்துருவில் திறக்கும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் மடங்கும் இடமும் மாறும். ஒரு கையேடு மனைவியின் கணினியில் 42 பக்கம், என்னுடையதில் 45 பக்கம். உரையில் எந்த மாற்றமும் இல்லை; திருத்தக் குறிப்புகளும் ஓரக் குறிப்புகளும் அப்படியே இருந்தன. பொருளடக்கத்தின் பக்க எண்கள் மட்டும் பொய்யாகின. எனவே பக்க அமைப்பும் என் பொறுப்பாக இருக்கும் வேலைகளில் கடைசிப் பார்வையை மனைவியின் கணினியில் முடித்துவிடுகிறேன். பாமினி கோப்புகளுக்கு, எழுத்துருவை ~/.local/share/fonts அடைவில் போட்டதே போதுமாக இருந்தது.

பதினான்கு மாதங்களில் ஒரே ஒரு முறை பயந்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஒரு புதுப்பிப்புக்குப் பின் வைஃபை மறைந்துபோனது. தொடங்கும்போது வரும் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் திரும்பி வந்தது. இரண்டு வாரங்களில் வந்த அடுத்த புதுப்பிப்பில் சரியாகிவிட்டது. பழைய கெர்னலை நீக்காமல் வைத்திருப்பதும், கணினியின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிப்ட்டை வாரத்திற்கு ஒரு முறை என்று அமைத்திருப்பதும் இதற்காகத்தான்.

மனைவிக்குப் புதிய கணினி வாங்கவில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைச் சீரமைத்து விற்கும் கடையில், i5-8500 செயலி கொண்ட மேசைக் கணினி ஒன்று பதினாறாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. அதற்கு முன் பார்த்த ஒன்றில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் செயலி i5-7500. நான்கு இலக்க எண் கொண்ட இத்தகைய மேசைக் கணினிச் செயலிகளில் கோடுக்குப் பின்வரும் முதல் எண்தான் தலைமுறை; ஏழு என்றால் சோதனையைத் தாண்டி நிறுவியிருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். வாங்கிய கணினியில் பயாஸுக்குள் போய் இன்டெல் பிடிடி என்ற பாதுகாப்பு வசதியை இயக்கிவிட வேண்டியிருந்தது. அதற்கு முன்பு, தகுதியுள்ள அந்தக் கணினியையும் தகுதியற்றது என்றே சோதனை சொன்னது.

இடைப்பட்ட காலத்திற்கு அவருடைய பழைய கணினியை மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்தோம். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் ஒத்திசைக்கச் சம்மதித்ததால் கட்டணம் ஆகவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும். பழைய ஆண்டுகளின் டேலி தரவு அதில் இருப்பதால் இன்னும் கழிக்கவில்லை. அந்தத் தேதிக்குள் தரவை மாற்றி முடித்ததும், இணையத்திலிருந்து அதைத் துண்டிப்பதாக இருக்கிறோம். என் மின்ட் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். மடிக்கணினியின் பேட்டரி அதுவரை தாங்காது என்பது இப்போதே தெரிகிறது, முழுதாக மின்னேற்றினாலும் ஒன்றரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது.