பேரிங் ஸ்பேர் எத்தனை: சராசரியா, வெய்புல்லா?

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் பராமரிப்பு பார்க்கிறேன். ஒரே மாதிரியான 10 பம்புகளுக்கு ஒரே ஷட்டவுனில் புது பேரிங் போட்டோம். 8,000 மணி நேரம் ஓடி முடிந்தபோது நான்கு போயிருந்தன: 5,200, 6,100, 6,900, 7,400 மணிகளில். மற்ற ஆறும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த ரகத்துக்கு ஆர்டர் போட்டால் கைக்கு வர மூன்று மாதம், அதாவது ஏறக்குறைய 2,000 மணி நேர ஓட்டம். அதுவரை எத்தனை கையிருப்பு வேண்டும்?

சராசரிக் கணக்கு சுலபம். அந்த 10 பேரிங்குகளும் சேர்ந்து ஓடிய மணிகள் 73,600. நான்கால் வகுத்தால் ஒரு பழுதுக்கு 18,400 மணி. இனி 10 பம்பும் சேர்ந்து ஓடப்போவது 20,000 மணி. "ஒண்ணு போதுமே சார்" என்றார் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். விலை குறைந்த, கடையில் உடனே கிடைக்கிற பேரிங்குக்கு நானும் இதற்கு மேல் மெனக்கெட மாட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கு, புது பேரிங்கும் 8,000 மணி ஓடிய பேரிங்கும் ஒரே வேகத்தில் பழுதாகும் என்று எடுத்துக்கொள்கிறது. பழுது வேகம் முதலில் இறங்கி, தட்டையாகி, கடைசியில் ஏறுவதைக் காட்டும் பாத்டப் வளைவின் தட்டையான அடிப்பகுதிக்கு மட்டும்தான் அது பொருந்தும். நாம் அங்கேதான் இருக்கிறோமா என்பதை, ஆயுள் கணக்குக்கான வெய்புல் பரவலின் பீட்டா என்ற எண் சொல்லும்: 1-க்குக் கீழே என்றால் ஆரம்பக் கோளாறு, 1 என்றால் தற்செயல், அதற்கு மேல் போனால் தேய்மானம்.

பழுதானவற்றை வரிசைப்படுத்தி, i-ஆவது பழுதுவரை எத்தனை பங்கு போயிருக்கும் என்பதற்கு (i − 0.3)/(n + 0.4) போட்டேன். இங்கே n என்பது 10, நான்கு அல்ல; ஓடிக்கொண்டிருக்கும் ஆறையும் விட்டுவிடக் கூடாது. வெய்புல் தாளில் கோடு இழுத்தால் பீட்டா 5-க்கு அருகிலும், சுமார் 63 சதவீதம் போய்விடும் வயதான ஈட்டா 8,700 மணிக்கு அருகிலும் வந்தன. அந்த ஆறு பேரிங்குகளும் வளைவு ஏறும் இடத்தில் நிற்கின்றன. அடுத்த 2,000 மணியில் நாலைந்து போகலாம்.

உருளும் பரப்பு களைத்து உரிவதால் வரும் பழுதுக்குப் பீட்டா வழக்கமாக 1.1 முதல் 1.5 வரைதான். 5 வந்ததால் சந்தேகப்பட்டு, கழற்றியவற்றைத் துடைத்துப் பார்த்தேன். கிரீஸ் கருத்து இறுகியிருந்தது. ஓடுபாதையில் பழுப்புத் துருக்கறை. சீல் தேய்ந்து உப்புக்காற்று உள்ளே போயிருக்கிறது.

இன்னொரு வரிசைப் பம்பில் ஒரு பேரிங் 300 மணியிலேயே போனது. அதன் ஓடுபாதையில் பந்துகளின் இடைவெளிக்குச் சரியாகக் குழிகள் இருந்தன. சுத்தியலால் அடித்துப் பொருத்தியதன் தடம். அப்படிப்பட்டதைத் தேய்மானப் பழுதோடு சேர்த்துப் புள்ளி வைத்தால் பீட்டா சரிந்து, தேய்மானமே இல்லாததுபோலத் தெரியும்.

நாலே புள்ளிகளில் கிடைத்த 5-ஐ அப்படியே நம்ப முடியாது. புள்ளிகள் குறைந்தால் பீட்டா பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். அதனால் பீட்டாவை 3 என்று வைத்தும் போட்டுப் பார்த்தேன். அப்போதும் இரண்டு, மூன்று போகும். சரி என்று நான்குக்கு ஆர்டர் போட்டேன், கூடவே சீல்களுக்கும்.