சிறுநீர் கல்ச்சருக்கு மெக்கான்கியா, சி.எல்.இ.டி.யா?

இரண்டும் பாக்டீரியாவை வளர்க்கும் அகார் தட்டுகள். இரண்டிலும் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை நொதிக்க வைக்கும் பாக்டீரியா அமிலம் உண்டாக்கும். அமிலம் பட்டதும் நிறங்காட்டி மாறும். மெக்கான்கியில் நியூட்ரல் ரெட் இருப்பதால் காலனி இளஞ்சிவப்பாகும். சி.எல்.இ.டி.யில் புரோமோதைமால் புளூ இருப்பதால் மஞ்சளாகும். லாக்டோஸைத் தொடாதவை மெக்கான்கியில் நிறமற்றும், சி.எல்.இ.டி.யில் நீலச் சாயலோடும் நிற்கும்.

உண்மையான வேறுபாடு எதை வளரவிடுகிறது என்பதில்தான். மெக்கான்கியில் உள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் பெரும்பாலான கிராம் பாசிட்டிவ்களைத் தடுத்துவிடும். சி.எல்.இ.டி. அப்படித் தடுப்பதில்லை. அதில் உப்பு சேர்க்காததால் புரோட்டியஸ் தட்டு முழுக்கப் படர முடியாது, அவ்வளவுதான்.

இதன் விளைவை ஒரு மாதிரியில் நேரடியாகப் பார்த்தேன். இளம்பெண் ஒருவரின் சிறுநீர். எரிச்சல் இருந்தது, நுண்ணோக்கியில் சீழ் செல்கள் நிறைய. ஒரு மைக்ரோலிட்டர் லூப்பால் இரண்டு தட்டிலும் தீற்றினோம். மறுநாள் காலை மெக்கான்கி வெறுமையாக இருந்தது. சி.எல்.இ.டி.யில் சுமார் 40 சிறிய, ஒளிபுகாத மஞ்சள் காலனிகள், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 40,000. மஞ்சள் என்றதும் ஈ.கோலை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஈ.கோலை என்றால் மெக்கான்கியிலும் வளர்ந்திருக்க வேண்டுமே! கிராம் சாயத்தில் கொத்துக் கொத்தாகக் கோக்கை தெரிந்தது. கேட்டலேஸ் பாசிட்டிவ், கோயாகுலேஸ் நெகட்டிவ், நோவோபயோசின் டிஸ்க்கைச் சுற்றித் தடைவளையம் ஏறக்குறைய இல்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் சாப்ரோஃபைட்டிகஸ்தான். மெக்கான்கியை மட்டும் நம்பியிருந்தால் 'வளர்ச்சி இல்லை' என்றே ரிப்போர்ட் போயிருக்கும்.

மெக்கான்கிக்கும் பலம் உண்டு. ஈ.கோலையின் காலனி வறண்டு, அடர் இளஞ்சிவப்பாக, சுற்றிலும் பித்த உப்பு படிந்த மங்கல் வளையத்தோடு இருக்கும். கிளெப்சியெல்லா பெரிதாக, வழவழவென்று, லூப்பால் தொட்டால் நூல்போல இழுபடும். சி.எல்.இ.டி.யில் மஞ்சளும் மஞ்சளும் இவ்வளவு தெளிவாகப் பிரிவதில்லை. அதோடு நெருக்கமான வளர்ச்சியில் அமிலம் அகார் முழுக்கப் பரவி, இடையில் இருக்கும் நீலக் காலனியை மறைத்துவிடும். கலப்பு வளர்ச்சி என்று சந்தேகம் வந்தால் காலனிகள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் இடத்தில்தான் நிறம் பார்க்க வேண்டும். அடர்ந்த முதல் தீற்றலில் பார்த்துப் பயனில்லை.

18 முதல் 24 மணி நேரத்துக்குள் படித்துவிடுங்கள். அதைத் தாண்டினால் மெதுவாக நொதிக்க வைப்பவையும் நிறம் காட்டத் தொடங்கும். நிறமற்ற காலனியைக் கண்டு உடனே ஈ.கோலை இல்லை என்று தள்ளவும் கூடாது, லாக்டோஸைத் தொடாத ஈ.கோலையும் உண்டு. ஆக்சிடேஸ் பார்க்க வேண்டுமென்றால் இந்த இரண்டு தட்டிலிருந்தும் எடுக்காதீர்கள், அமிலம் முடிவைக் கெடுக்கும். நியூட்ரியன்ட் அல்லது பிளட் அகாரில் மறுவளர்ப்பு செய்து பாருங்கள்.

சிறுநீருக்கு ஒரே தட்டுதான் போட முடியும் என்றால் நான் சி.எல்.இ.டி.யைத்தான் எடுப்பேன். மலத்துக்கு அது ஒத்துவராது. குடலில் இருக்கும் எல்லாமே அதில் வளர்ந்து தட்டை நிரப்பிவிடும்.