இருபத்தாறா, முப்பதா: மாமாவின் கிராஜுவிட்டிக் கணக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல் தினமும் பஸ் ஏறிப் போன என் மாமா, 2025 செப்டம்பர் 30-ம் தேதி வேலையை விட்டார். கம்பெனி கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, ஒரு கணக்குத் தாளைக் கையில் கொடுத்து, கையெழுத்துப் போடச் சொன்னது. அதில் இருந்த தொகை ரூ.1,57,300. கோவையில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் எனக்கு அது குறைவாகத் தெரிந்தது. "கையெழுத்து அப்புறம் போடலாம், மாமா" என்று சொல்லிவிட்டு நானும் ஒரு தாள் எடுத்தேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்தது 2003 மார்ச் 1. ஆக, 22 வருஷம், 7 மாதம். கடைசிச் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் ரூ.14,300. அதற்குக் கீழே மலையாளத்தில் 'க்ஷாமபத்த' என்று ரூ.6,500. நாம் பஞ்சப்படி என்கிறோமே, அதுதான். வீட்டு வாடகைப்படி போன்ற மற்றதெல்லாம் சேர்ந்து ரூ.5,200.

கம்பெனியின் கணக்கு இப்படி: 14,300-ஐ 30-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ரூ.7,150. அதை 22 வருஷத்தால் பெருக்கினால் ரூ.1,57,300.

1972-ம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டப்படி போட்டால் வேறு மாதிரி வருகிறது. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.20,800. அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி ரூ.800. பதினைந்து நாளுக்கு ரூ.12,000. இதை 23-ஆல் பெருக்கினால் ரூ.2,76,000. வித்தியாசம் ரூ.1,18,700.

இவ்வளவு எங்கே போனது என்று பிரித்துப் பார்த்தேன். முதலில், 30 இருந்த இடத்தில் 26 வைத்தால் கூடுவது ரூ.24,200. மாதத்தில் நாலு ஞாயிறு போக வேலை நாள் 26 என்பதால்தான் சட்டம் அந்த எண்ணை வைத்திருக்கிறது. 30 என்பது யாரோ கற்பனை செய்ததும் இல்லை. இந்தச் சட்டத்துக்குள் வராத இடங்களில் வேலை பார்த்தவருக்கு எவ்வளவு தொகைக்கு வரிவிலக்கு என்று பார்க்க, வருமான வரிச் சட்டம் அரைமாதச் சம்பளத்தையும் முழு வருஷங்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது. கணக்காளர் அந்தச் சூத்திரத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடம் சட்டத்துக்குள் வந்துவிடும். அப்புறம் ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. மாமாவின் கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கே அதைவிட அதிகம் பேர்.

பெரிய ஓட்டை பஞ்சப்படியில்தான். அதை விட்டதால் மட்டும் ரூ.82,500 குறைந்தது. 'கடைசி அடிப்படைச் சம்பளம்' என்று வாய்வழக்கில் சொல்லிச் சொல்லி, பலரும் அடிப்படையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சட்டம் பஞ்சப்படியையும் சம்பளம் என்றே சொல்கிறது. வாடகைப்படி, போனஸ், ஓவர்டைம் ஆகியவைதான் சேராது. அதனால் அந்த ரூ.5,200-ஐ நானும் தொடவில்லை.

மீதி ரூ.12,000 அந்த ஏழு மாதத்துக்கு. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு வருஷமாகிவிடும். சரியாக ஆறு மாதம் என்றால் ஆகாது, தாண்ட வேண்டும். முழங்கால் வலி தாங்காமல் ஜூலையிலேயே நின்றுவிடுகிறேன் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். நின்றிருந்தால் 22 வருஷம், 5 மாதம், இந்த ரூ.12,000 போயிருக்கும்.

1972-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு மாமாவைத் தொடவில்லை. அதற்குப் பிறகு விலகுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கணக்கில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பங்கு சம்பளத்தோடு சேரும். மொத்தம் ரூ.30,000 வாங்குகிறவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் ரூ.12,000 மட்டும் என்றால், படிகள் ரூ.18,000. பாதிக்கு மேல் இருக்கும் ரூ.3,000 சேர்ந்து, கணக்குக்கான சம்பளம் ரூ.15,000 ஆகிவிடும். மாமாவைப் போல் படி குறைவாக இருப்பவர்களுக்கு இதனால் எதுவும் மாறாது.

நான் போட்ட தாளை, கடைசிச் சம்பளச் சீட்டின் நகலோடும் சேர்ந்த தேதி தெரியும் பி.எஃப். பாஸ்புக் பக்கத்தோடும் வைத்து, எழுத்துமூலமாகக் கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டதற்குச் சீல் வைத்த நகலையும் கேட்டு வாங்கினோம். தொகை சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போடலாம். மாமா விஷயத்தில் அதுவரை போகவில்லை. கணக்காளர் பஞ்சப்படி வரியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, "அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்.